பழக்க மாற்றுப் பயிற்சியில் பெற்றோருக்கு எந்தப் பங்கு? நாட்பட்ட டிக் கோளாறுள்ள குழந்தைக்கான மூன்று வழிகளின் ஒப்பீடு

டிக் என்பது விருப்பமின்றித் திரும்பத் திரும்ப வரும் திடீர் அசைவு அல்லது ஒலி; அது வருவதை உணர்ந்து, அதற்குப் பதிலாக வேறொரு செயலைச் செய்யக் கற்பிப்பது பழக்க மாற்றுப் பயிற்சி. நாட்பட்ட டிக் கோளாறுள்ள ஒரு குழந்தைக்கு இந்தப் பயிற்சியைத் தொடங்கலாம் என்று தீர்மானித்த பிறகு, சிகிச்சையாளர் இன்னொரு முடிவையும் எடுக்க வேண்டியிருக்கிறது. அமர்வு முடிந்து குழந்தை வீட்டுக்குப் போன பின், அங்கே அம்மாவும் அப்பாவும் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதே அந்த முடிவு. பெரும்பாலான சிகிச்சையாளர்கள் இதைத் தனியாக எடுத்து யோசிப்பதில்லை. "வீட்டில் கொஞ்சம் நினைவுபடுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த ஒரு வரியே பெற்றோரின் பங்கைத் தீர்மானித்துவிடுகிறது. பயிற்சி பலன் தராமல் போகும் குழந்தைகளில் கணிசமானோர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பது என் கருத்து. ஆகவே பெற்றோருக்குத் தரக்கூடிய மூன்று பங்குகளை ஒரே குழந்தையின் நிலையில் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

பல குழந்தைகளிடம் காணப்படுபவற்றைச் சேர்த்து அமைத்த ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்பது வயதுச் சிறுவன். இரண்டு ஆண்டுகளாகக் கண் சிமிட்டலும், ஓராண்டுக்கும் மேலாகக் கழுத்தை வலப்புறம் வெட்டி இழுக்கும் அசைவும் இருக்கின்றன. குரல் சார்ந்த டிக் எதுவும் இதுவரை வந்ததில்லை. டிக் தொடங்கி ஓராண்டு கடந்துவிட்டதாலும், இயக்க டிக் மட்டுமே இருப்பதாலும், இது இயக்க டிக்கும் குரல் டிக்கும் சேர்ந்திருக்கும் டூரெட் நோய்க்குறி ஆகாது. நாட்பட்ட இயக்க டிக் கோளாறு என்றே வகைப்படும். கண் சிமிட்டல் அவனைத் தொந்தரவு செய்வதில்லை. கழுத்து வெட்டோ மாலையானால் வலியில் முடிகிறது. ஆகவே எண்ணிக்கையில் கண் சிமிட்டலே அதிகம் என்றாலும், பயிற்சியைக் கழுத்திலிருந்து தொடங்குகிறோம். ஒரு நேரத்தில் ஒரு டிக் என்பதே முறை. எது முதலில் என்பதைக் குழந்தைக்கு எது அதிகத் துன்பம் தருகிறது என்று கேட்டே முடிவுசெய்ய வேண்டும். பெற்றோரின் கண்ணை உறுத்துவது வேறொன்றாக இருக்கலாம்.

முதல் படி உணர்ந்தறியும் பயிற்சி. டிக்கை அதன் உறுப்பசைவுகளாகப் பிரித்துச் சொல்லச் செய்கிறோம். சிறுவன் முதலில் "கழுத்து இழுக்கும்" என்று மட்டும் சொல்கிறான். கண்ணாடி முன் நிற்கவைத்து மெதுவாகச் செய்துகாட்டச் சொன்னால், முதலில் வலத் தோள் சற்று உயர்வதும், பிறகு மோவாய் வலப்புறம் திரும்புவதும், அதன் பின்னரே கழுத்து வெட்டுவதும் தெரிகின்றன. தோள் உயர்வதே தொடக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏனென்றால் இனி அவன் பிடிக்க வேண்டியது வெட்டை அல்ல, தோளை. அடுத்து சிகிச்சையாளர் பேச்சின் நடுவே அதே அசைவைத் தாமே செய்கிறார். சிறுவன் அதைக் கண்டதும் விரலை உயர்த்துகிறான். பிறகு தன்னுடைய டிக் வரும்போதெல்லாம் விரலை உயர்த்துகிறான். ஐந்தில் நான்கையாவது தானே பிடிக்கும் வரை இந்தப் படியை விட்டு நகரக் கூடாது.

டிக் வருவதற்கு முன் உடலில் தோன்றும் இறுக்கம், அரிப்பு, அழுத்தம் போன்ற முன்னுணர்வையும் இதே கட்டத்தில் தேடுகிறோம். பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் பலருக்கு இதைச் சொல்லில் வடிக்கத் தெரியாது. "டிக் வரும் முன் என்ன தோன்றுகிறது?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றே பதில் வரும். டிக்கைச் சில நொடிகள் அடக்கிவைக்கச் சொல்லி, அந்த நேரத்தில் உடலில் எந்த இடம் தொல்லை தருகிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால், இந்தச் சிறுவன் வலக் காதுக்குக் கீழே தொடுகிறான். அங்கேதான் இறுக்கம் சேர்கிறது. இந்த வயதில் முன்னுணர்வு மங்கலாக இருப்பது பெற்றோரின் பங்கைத் தீர்மானிப்பதில் பெரிய காரணி. பின்னால் அதற்குத் திரும்புவோம்.

இரண்டாம் படி எதிர்ச்செயல். டிக்கோடு ஒரே நேரத்தில் செய்ய முடியாததாகவும், டிக்கை விடப் பிறர் கண்ணில் குறைவாகப் படுவதாகவும், கையில் எந்தப் பொருளும் இல்லாமல் எங்கும் செய்யக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும். இவனுக்குப் பொருந்தியது இது: தோள்களைத் தாழ்த்தி, மோவாயைச் சற்றே உள்ளிழுத்து, பார்வையை நேரே வைத்து, கழுத்தின் இரு பக்கத் தசைகளையும் மெல்ல இறுக்கிக்கொள்வது. தோள் உயர்வதை உணர்ந்ததும், அல்லது டிக் வந்துவிட்டால் வந்தவுடனே, இதைத் தொடங்கி ஒரு நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். அதற்குள் இறுக்கம் அடங்காவிட்டால் அடங்கும் வரை தொடர வேண்டும். வலிக்கும் அளவுக்கு இறுக்கினால் அது தவறு. மூச்சு சீராக இருக்க வேண்டும்.

இதுவரை மூன்று வழிகளுக்கும் பொதுவானது. இனி வீடு.

முதல் வழியில் பெற்றோர் நினைவூட்டுபவராகிறார். டிக் வந்து குழந்தை எதிர்ச்செயலைத் தொடங்காவிட்டால் மென்மையாக எடுத்துச் சொல்வார். தானே செய்தால் பாராட்டுவார். அஸ்ரினும் நன்னும் 1973இல் பழக்க மாற்றுப் பயிற்சியை முதன்முதலில் வெளியிட்டபோதே சுற்றத்தாரின் ஆதரவு அதன் ஓர் அங்கமாக இருந்தது. ஆகவே இதை மரபான வழி என்று சொல்லலாம். இதன் வலு தெளிவானது. முன்னுணர்வைப் பிடிக்கத் தெரியாத ஒன்பது வயதுச் சிறுவன், வீட்டில் விளையாட்டிலோ தொலைக்காட்சியிலோ மூழ்கியிருக்கும்போது தன் டிக்கில் பெரும்பகுதியைக் கவனிக்கவே மாட்டான். கவனிக்காத டிக்குக்கு எதிர்ச்செயல் வராது. வெளியிலிருந்து ஒரு கண் தேவைப்படுகிறது. அது அம்மாவின் கண்ணாக இருப்பது இயல்பு.

இதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் பயிற்சி தொடங்கும் முன்பே "கழுத்தை வெட்டாதே" என்ற சொல் பல நூறு முறை சொல்லப்பட்டிருக்கும். இப்போது அதே குரலில் "பயிற்சியைச் செய்" என்று வந்தால், சிறுவனின் காதில் இரண்டும் ஒன்றுதான். எல்லை வகுக்காமல் நாள் முழுவதும் நினைவூட்டச் சொன்னால் நடப்பது இதுதான்: அம்மா அறைக்குள் வந்ததும் அவன் உடல் விறைக்கிறது, விறைப்பு கழுத்தின் இறுக்கத்தைக் கூட்டுகிறது, டிக் கூடுகிறது, நினைவூட்டலும் கூடுகிறது. அதோடு, அம்மா சொன்ன பிறகே எதிர்ச்செயலைத் தொடங்கும் குழந்தை டிக்கைக் கண்டறிவதை அவரிடமே ஒப்படைத்துவிடுகிறான். பள்ளியில் அவர் இல்லை. வீட்டில் எண்ணிக்கை குறைந்து, பள்ளியில் அப்படியே இருந்தால், இதுவே நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இரண்டாம் வழியில் பெற்றோர் டிக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. டிக்குக்கு முன்னும் பின்னும் வீட்டில் நடப்பவற்றை மாற்றுவதே அவர்கள் வேலை. இதற்குச் சிகிச்சையாளர் முதலில் ஒரு விரிவான விசாரணை நடத்த வேண்டும்: எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் இருக்கும்போது டிக் கூடுகிறது, வந்தவுடன் யார் என்ன செய்கிறார்கள். நம் சிறுவனின் வீட்டில் கிடைத்த விடைகள் இவை. மாலை வீட்டுப்பாட நேரத்தில் கழுத்து வெட்டு மிக அதிகம். அது கூடினால் அப்பா இரக்கப்பட்டு, "போதும், எடுத்து வை" என்கிறார். அம்மா கழுத்தைத் தடவிக்கொடுக்கிறார். தங்கை அவனைப் போலவே கழுத்தை ஆட்டிக் காட்டுகிறாள். மூவரும் மூன்று விதமாக டிக்குக்குப் பதில் தருகிறார்கள். பாடத்திலிருந்து விடுதலை, கவனிப்பு, கேலி என ஒவ்வொன்றும் டிக்கோடு ஒட்டிக்கொள்கிறது. சிறுவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று இதற்குப் பொருளில்லை. டிக்கின் மூலம் மூளையின் இயக்கத்தில் இருக்கிறது. ஆனால் அது கூடுவதும் குறைவதும் சூழலோடு சேர்ந்து நடக்கிறது. இந்த வேறுபாட்டைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்லாமல் இந்த விசாரணையைத் தொடங்கினால், "அப்படியானால் நடிக்கிறானா?" என்ற கேள்வியோடு வீடு திரும்புவார்கள். அது குழந்தைக்கு நேரும் கேடு.

மாற்றங்கள் எளியவை, ஆனால் துல்லியமாக இருக்க வேண்டும். வீட்டுப்பாடத்தைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் ஐந்து நிமிட ஓய்வு தருகிறோம். அந்த ஓய்வு கடிகாரத்தைப் பார்த்துத் தரப்படுகிறது, டிக்கைப் பார்த்து அல்ல. டிக் எவ்வளவு வந்தாலும் பாடம் ரத்தாவதில்லை. கழுத்தைத் தடவிக்கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அது உறங்கும் முன் ஒரு வழக்கமாக நடக்கட்டும், டிக்கின் பதிலாக வேண்டாம். தங்கைக்கு, அவள் வயதுக்கு ஏற்ற சொல்லில், அண்ணனின் கழுத்து தானாக அசைகிறது என்று விளக்கி, கேலி செய்யாத மாலைகளுக்கு அவளுக்கும் ஒரு புள்ளி தரலாம். இந்த வழியின் பெரும் நன்மை, வீட்டில் பதற்றம் குறைவது. இதன் குறை, எதிர்ச்செயலைப் பழக வேண்டிய பொறுப்பு முழுவதும் சிறுவனிடமே விடப்படுவது. தோள் உயர்வதை இன்னும் தானாகப் பிடிக்காதவனுக்கு அமர்வில் கற்றது அமர்விலேயே நின்றுவிடும்.

மூன்றாம் வழியில் சிகிச்சை குழந்தைக்கும் சிகிச்சையாளருக்கும் இடையே மட்டும் நடக்கிறது. பெற்றோருக்குத் தகவல் மட்டும் தரப்படுகிறது. பதின்ம வயதினருக்கு இது பெரும்பாலும் சரியான தேர்வு. முன்னுணர்வை அவர்கள் நன்றாக விவரிக்கிறார்கள். டிக்கைக் குறைக்க வேண்டும் என்ற விருப்பமும் அவர்களுடையதாகவே இருக்கிறது. அம்மா நினைவூட்டினால் அறைக் கதவு மூடப்படும். ஒன்பது வயதில் இதைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு நிலையில்தான் நான் ஒப்புவேன்: பெற்றோர் இருவரும் டிக்கைப் பற்றிக் கடும் கோபத்திலோ ஒருவர் மீது ஒருவர் பழி போடுவதிலோ இருந்து, சில அமர்வுகள் விளக்கம் தந்த பின்னும் அது தணியாதபோது. அப்போதும் இரண்டாம் வழியின் ஒரு பகுதியையாவது, அதாவது டிக்கைப் பற்றி வீட்டில் பேசாதிருப்பதையாவது, கேட்டுப் பெற வேண்டும்.

ஆய்வுகள் இந்த முடிவில் எவ்வளவு உதவும்? 2010இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில் 9 முதல் 17 வயது வரையான 126 குழந்தைகள் பங்கேற்றனர். பழக்க மாற்றுப் பயிற்சியை மையமாகக் கொண்ட விரிவான நடத்தைச் சிகிச்சை 10 வாரங்களில் 8 அமர்வுகளாகத் தரப்பட்டது. ஒப்பிடுவதற்காக மற்றவர்களுக்கு ஆதரவுப் பேச்சும் நோய் விளக்கமும் தரப்பட்டன. முதல் குழுவில் 52.5 சதவீதத்தினர் தெளிவான முன்னேற்றம் கண்டனர். இரண்டாம் குழுவில் 18.5 சதவீதத்தினர். இந்த எண்களைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேருக்கு மட்டுமே பெரிய பலன் கிடைத்தது என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிகிச்சையில் எதிர்ச்செயலும், சுற்றத்தாரின் ஆதரவும், டிக்கின் முன்பின் சூழலை மாற்றுவதும் சேர்ந்தே இருந்தன. ஆகவே எந்தப் பங்கு எவ்வளவு உதவியது என்பதை அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. முதல் வழியா இரண்டாம் வழியா என்பதை எதிரிலிருக்கும் குழந்தையையும் வீட்டையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இந்தச் சிறுவனுக்கு என் தேர்வு: இரண்டாம் வழியை நாள் முழுவதற்கும், முதல் வழியை ஒரு சிறு சாளர நேரத்துக்கும். முதல் வாரத்தில் எதிர்ச்செயலே தொடங்குவதில்லை. வீட்டுச் சூழலில் மேற்சொன்ன மாற்றங்களைச் செய்து, மாலையில் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் அம்மா கழுத்து வெட்டுகளை மட்டும் எண்ணுகிறார். அவன் அறியாமல் எண்ணக் கூடாது. எண்ணப்போகிறார் என்று அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் எண்ணும்போது எதுவும் பேசக் கூடாது. வாரச் சராசரி பதினெட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் வாரத்தில் எதிர்ச்செயலைக் கற்ற பின், அம்மா நினைவூட்டுவதற்கு நாளில் இருபது நிமிடம் மட்டும் ஒதுக்குகிறோம். அந்த நேரத்தை அவனே தேர்ந்தெடுக்கிறான். வீட்டுப்பாட நேரம் வேண்டாம் என்கிறான். இரவு உணவுக்குப் பின் தொலைக்காட்சி பார்க்கும் நேரம் என்கிறான். ஏற்றுக்கொள்கிறோம்.

நினைவூட்டலுக்கு ஒரு சொல்லையும் அவனே தேர்ந்தெடுக்கட்டும். இவன் தேர்ந்தெடுத்தது "தோள்" என்ற ஒற்றைச் சொல். அமர்வில் அம்மாவை அருகில் உட்காரவைத்து, சிகிச்சையாளர் டிக் செய்ய, அம்மா அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக வேண்டும். "தோள் கண்ணா, மறந்துட்ட பாரு" என்று நீண்டால் அங்கேயே திருத்த வேண்டும். அந்த "பாரு"வில் பழைய கண்டிப்பு ஒட்டியிருக்கிறது. டிக் வந்ததும் சொல்வதில்லை, பத்து நொடி காத்திருந்து அவன் தானே தொடங்காவிட்டால்தான் சொல்கிறார். தானே தொடங்கினால், எதைச் செய்தான் என்று பெயர் சொல்லிப் பாராட்டுகிறார்: "நீயே தோளைத் தாழ்த்தினாய்." டிக் வராததற்குப் பாராட்டு இல்லை. இந்த ஒரு விதியைப் பெற்றோர் மிக எளிதில் மீறிவிடுவார்கள்; "இன்று ஒருமுறைகூட வரவில்லை, சமத்து" என்று சொல்லப்பட்ட குழந்தை மறுநாள் டிக் வந்தால் அதை மறைக்கப் பார்க்கும். புள்ளியும் பரிசும் பயிற்சிக்கே, டிக்கின் எண்ணிக்கைக்கு அல்ல.

அப்பாவுக்கு நினைவூட்டும் பொறுப்பு இல்லை. பாடத்தை ரத்து செய்யாமல் உடன் உட்கார்ந்திருப்பது மட்டுமே அவருக்கு. இருவரும் நினைவூட்டத் தொடங்கினால் இருபது நிமிட எல்லை சில நாட்களிலேயே கரைந்துவிடும். டிக்கை அடக்கவைத்தால் பின்னால் இரட்டிப்பாக வெடிக்கும் என்ற அச்சம் அவருக்கு இருக்கலாம். பல பெற்றோருக்கு இருக்கிறது. குழந்தைகளை வைத்துச் செய்த அடக்கல் சோதனைகளில் அடக்கிய பிறகு டிக் முன்பிருந்ததை விடக் கூடியதாகத் தெரியவில்லை என்பதையும், எதிர்ச்செயல் என்பது வெறும் அடக்கல் அல்ல, இறுக்கம் தானே தணியும் வரை வேறொன்றைச் செய்திருப்பது என்பதையும் அவருக்குப் பொறுமையாக விளக்க வேண்டும்.

சாளர நேரம் சரியாகப் போகிறதா என்பதை இரண்டு எண்களை அருகருகே வைத்தால் தெரியும்: அம்மா நினைவூட்டியது எத்தனை, சிறுவன் தானே தொடங்கியது எத்தனை. தொடக்கத்தில் பத்துக்கு எட்டு நினைவூட்டலாக இருந்தது, மூன்றாம் வாரத்தில் பத்துக்கு மூன்றாகக் குறைந்தால் கண்டறிதல் அவனிடம் வந்துகொண்டிருக்கிறது. டிக்கின் எண்ணிக்கை இன்னும் பதினைந்தாக இருந்தாலும் இது நல்ல போக்கு. மாறாக டிக் பன்னிரண்டாகக் குறைந்தும் நினைவூட்டல் எட்டிலேயே நின்றால், குறைவு அம்மாவின் உழைப்பில் நிற்கிறது. அப்போது நினைவூட்டலைக் கூட்டக் கூடாது. அமர்வில் தோளைப் பிடிக்கும் பயிற்சிக்கே திரும்பிப் போக வேண்டும். டிக் எண்ணிக்கையை மட்டும் நம்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிக் வாரங்களின் அளவில் தானாகவே ஏறி இறங்கும். ஒரு வாரத்தின் இறக்கம் பயிற்சியின் வெற்றி ஆகாது. ஒரு வாரத்தின் ஏற்றம் தோல்வியும் ஆகாது. மூன்று நான்கு வாரப் போக்கையும் யேல் டிக் தீவிர அளவுகோலின் மதிப்பையும் சேர்த்துப் பார்த்தே பேச வேண்டும்.

சாளர நேரத்தை உடனே கைவிட்டு இரண்டாம் வழிக்கு மட்டும் திரும்ப வேண்டிய அறிகுறிகளும் உண்டு. அந்த இருபது நிமிடத்தில் சிறுவன் அறையை விட்டு எழுந்து போகத் தொடங்குவது, கழுத்தைப் போர்வையில் மறைத்துக்கொள்வது, "தோள்" என்ற சொல்லுக்கு எரிச்சலோடு பதில் சொல்வது ஆகியவை அவை. சாளரத்துக்கு வெளியே அம்மா நினைவூட்டுவதாகச் சிறுவன் சொன்னால் அதை நம்ப வேண்டும். அம்மாவின் நோக்கத்தைக் குறை சொல்லாமல், மறுபடியும் எல்லையை வகுக்க வேண்டும். கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்துள்ள குழந்தையிடம் கணக்கு வேறு: அவனால் ஒரு நிமிடம் பிடித்திருக்க முடியாமல் போகலாம், அங்கே சாளரத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்கி, பரிசை அன்றன்றே தருவது நல்லது. கழுத்து வெட்டின் வேகம் கூடி, கையில் உணர்விழப்பு, பலவீனம், நீடித்த வலி ஏதேனும் தோன்றினால் பயிற்சி மட்டும் போதாது. குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் தாமதமின்றி அனுப்ப வேண்டும்.

நினைவூட்டல் பத்துக்கு இரண்டாகக் குறைந்ததும் சாளர நேரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, பிறகு வாரத்துக்கு ஒரு முறையாக்கி, முடித்துவிடலாம். சூழல் மாற்றங்கள் மட்டும் தொடர வேண்டும். மாதம் ஒரு முறையாக மூன்று தொடர் அமர்வுகள் வைத்திருப்பது பயன் தரும், ஏனென்றால் இந்த வயதில் பழைய டிக் அடங்கி, புதியது ஒன்று வருவது இயல்பு; பத்து முதல் பன்னிரண்டு வயது வரை டிக் உச்சத்துக்குப் போவதும் வழக்கம். புதிய டிக் வந்ததும் அம்மா நினைவூட்டத் தொடங்கக் கூடாது. அவர் செய்ய வேண்டியது, எப்போது வருகிறது, எந்த உறுப்பு முதலில் அசைகிறது என்பதை ஒரு வாரம் குறித்துவைத்து அமர்வுக்குக் கொண்டுவருவது. எதிர்ச்செயலை இம்முறை சிறுவனே யோசித்துச் சொல்லட்டும். அது மேற்சொன்ன நிபந்தனைகளுக்குப் பொருந்துகிறதா என்று சிகிச்சையாளர் பார்த்தால் போதும். சாளர நேரம் மறுபடி தேவையா என்பதையும் அவனிடமே கேட்டு முடிவு செய்யலாம்.